பத்தாயிரம் கட்டியாச்சு, அப்புறம்?

குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டிக்கொண்டவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "பத்தாயிரம் போச்சு சார்." ஹெல்மெட் போடாததற்கு ஆயிரம், இதற்குப் பத்தாயிரம், தொகைதான் பெரிசு, மற்றபடி இரண்டும் ஒன்று என்கிற நினைப்பு. சென்னையில் ஐ.டி. கம்பெனி ஊழியர்களை ஏற்றி இறக்கும் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் டிரைவர்களை வேலைக்கு எடுப்பதும் ஷிஃப்ட் போடுவதும்தான் என் வேலை. இந்த நினைப்பால் வேலை போனவர்களை அங்கே பார்த்திருக்கிறேன்.

ஹெல்மெட் அபராதத்தை ரோட்டிலேயோ ஆன்லைனிலேயோ கட்டிவிடலாம், கோர்ட் படி ஏற வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு அப்படியில்லை. இப்படிப் பணம் கட்டி முடித்துக்கொள்ளலாம் என்று 200-வது பிரிவில் இருக்கிற பட்டியலில் 185 கிடையாது. மாஜிஸ்திரேட் முன்னால் நின்று "ஆமாங்கய்யா, குடிச்சிருந்தேன்" என்று சொல்லி 10,000 ரூபாய் கட்டினால் அது குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றதாகத்தான் கணக்கு. முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை ஜெயிலுக்கும் இடம் உண்டு, ஜெயிலும் அபராதமும் சேர்த்தும் போடலாம். வெளியே வருகிறவர் கையில் ரசீது இருக்கும், அவரும் அதை அபராத ரசீதாகத்தான் பார்ப்பார்.

எங்கள் டிரைவர் ஒருவர் கதையைச் சொல்கிறேன். நிதானமான ஆள், எங்கள் வண்டியில் ஏறும்போது அவரிடம் வாடை வந்ததாக யாரும் சொன்னதில்லை. டிசம்பர் 31 ராத்திரி பத்து மணிக்கு மச்சான் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஒரு குவார்ட்டரும் ஒரு கட்டிங்கும் போட்டிருக்கிறார். பன்னிரண்டு மணிக்குப் படுத்துத் தூங்கிவிட்டு, காலை ஐந்து மணிக்குக் குளித்து விபூதி பூசி, சொந்த பைக்கில் ஷெட்டுக்குக் கிளம்பினார். புத்தாண்டு செக்கிங் அப்போதும் நடந்துகொண்டிருந்தது. ஊதச் சொன்னார்கள், மெஷினில் 84 காட்டியது. சட்டம் அனுமதிப்பது 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் வரைதான்.

"தூங்கி எழுந்து குளிச்சிட்டு வந்தேன் சார், மெஷின்ல கோளாறு" என்று அவர் கடைசிவரை நம்பினார். கோளாறு ஒன்றும் இல்லை, கணக்கு அப்படித்தான் வருகிறது. குவார்ட்டர் 180 மில்லி, கட்டிங் 90, மொத்தம் 270. இங்கே விற்கிற பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம், அதனால் உள்ளே போனது கிட்டத்தட்ட 90 கிராம் சுத்த ஆல்கஹால். எழுபது கிலோ எடையுள்ள ஆணுக்கு அது ரத்தத்தில் சுமார் 190 வரை ஏற்றும். கல்லீரல் மணிக்குச் சராசரியாக 15 அளவுதான் இறக்கும். பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை ஏழு மணி நேரம் என்றால் 105 குறையும், பாக்கி 85. ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும் குறையும், ஆனால் மோரோ பிளாக் காபியோ பச்சைத் தண்ணீர் குளியலோ அந்த 15-ஐ 20 ஆக்காது. இவர் 30-க்குக் கீழே வர காலை எட்டரை மணி தாண்டியிருக்கும். இதனால்தான் எங்கள் ஷெட்டில் ராத்திரி ஷிஃப்டைவிட விடிகாலை ஷிஃப்டுக்கு ஊதச் சொல்வதில் நான் கறாராக இருப்பேன். எத்தனை பேர் கோபித்துக்கொண்டாலும் சரி. (மவுத்வாஷ் கொப்பளித்துவிட்டு வந்தால் ஒரு சில நிமிஷம் மெஷின் ஏமாறும் என்பது உண்மைதான், கால் மணி நேரம் உட்கார வைத்துத் திரும்ப ஊதச் சொன்னால் அது போய்விடும், ராத்திரி போட்டது போகாது.)

கோர்ட்டில் பத்தாயிரம் கட்டினார். அதோடு முடிந்தது என்று மறுநாளே வேலைக்கு வந்து நின்றார். லைசென்ஸ் எங்கே என்று கேட்டேன், போலீஸ் வாங்கி வைத்திருக்கிறது என்றார். பிரச்சினையே அங்கேதான் தொடங்குகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, 185-ல் பிடித்தால் போலீஸ் லைசென்ஸைக் கைப்பற்றி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்ப வேண்டும். ஆர்.டி.ஓ. விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பிவிட்டு, முதல் தடவை என்றால் மூன்று மாதம் தகுதி நீக்கம் செய்யலாம். கோர்ட் ஒரு பக்கம், ஆர்.டி.ஓ. இன்னொரு பக்கம், ஒன்றில் பணம் கட்டியதால் மற்றது நிற்காது. மாட்டியது பைக்கில்தானே, கார் ஓட்ட என்ன தடை என்றும் அவர் கேட்டார். ஒரே லைசென்ஸ்தான், அது போனால் பைக், கார், டெம்போ எல்லாம் சேர்ந்து போகும். மூன்று மாதம் கழித்தும் அது தானாகத் திரும்பி வராது, புத்தாக்கப் பயிற்சி முடித்த பிறகுதான் தருவார்கள்.

அந்த மூன்று மாதமும் அவரை ஓட்டவிட எங்களாலும் முடியாது. தகுதி இழந்தவர் ஓட்டினால் 182-வது பிரிவில் அவர் மேல் இன்னொரு வழக்கு, லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால் 180-வது பிரிவில் எங்கள் மேல் வழக்கு. ஏதாவது இடித்துவிட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிடும். எண்ணைப் போட்டால் 'சாரதி' தளத்தில் லைசென்ஸ் நிலை தெரிந்துவிடும் என்பதால் கம்பெனிக்காரர்களிடம் மறைக்கவும் வழியில்லை. ஷெட்டில் வண்டி கழுவும் வேலை தருகிறேன் என்றேன், சம்பளம் பாதிகூட வராது என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கார் கடன் தவணை ஓடிக்கொண்டிருந்தவருக்கு அது எப்படிக் கட்டுபடியாகும்?

நான்காவது மாதம் லைசென்ஸ் வந்தது. எங்கள் இடத்தில் அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டார். இன்னொரு நிறுவனத்துக்குப் போனார், அங்கே போலீஸ் சரிபார்ப்புக்கு ஒரு படிவம். குற்ற வழக்கில் தண்டனை பெற்றதுண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிவிட்டார். பொய் சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை, அபராதம்தானே கட்டினோம் என்று நிஜமாகவே நினைத்திருக்கிறார். சரிபார்ப்பில் வழக்கு வெளியே வந்தது, உண்மையை மறைத்தார் என்று நிறுத்திவிட்டார்கள். குடித்ததற்காக அங்கே யாரும் அவரை நிறுத்தவில்லை.

அரசு வேலையிலும் இதுவேதான். அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-ல் சொன்னதும் இதை ஒட்டியே: சின்ன வழக்காக இருந்து உண்மையை எழுதியிருந்தால் பெரிதுபடுத்தாமல் விடுவது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது, மறைத்திருந்தால் வேலையை ரத்து செய்ய அதுவே காரணமாகலாம். தண்டனை வேண்டாம் என்று கோர்ட்டுக்கே போகாமல் இழுத்தடிக்கிறவர்களும் உண்டு. எனக்கு அது இன்னும் மோசமான யோசனையாகத்தான் படுகிறது. நிலுவையில் இருக்கிற குற்ற வழக்கு பாஸ்போர்ட்டையே நிறுத்தி வைக்கும், வளைகுடாவுக்கு டிரைவராகப் போக நினைப்பவர் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

இரண்டாவது தடவை மாட்டினால் பேச்சே வேறு. 15,000 ரூபாய், இரண்டு வருஷம் வரை சிறை, அதைவிட முக்கியமாக, 22-வது பிரிவின்படி லைசென்ஸை ரத்து செய்தே ஆக வேண்டும், மாஜிஸ்திரேட் இரக்கப்பட்டாலும் அதில் சலுகை காட்ட முடியாது. அப்படி ஒருவர் வந்து வேலை கேட்டால் நான் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்கிறேன்.

முதல் தடவை மாட்டி வருகிறவர்களிடம் மூன்று காகிதம் கேட்கிறேன்: கோர்ட் தீர்ப்பு நகல், அபராத ரசீது, ஆர்.டி.ஓ. லைசென்ஸைத் திருப்பித் தந்த உத்தரவு. படிவத்தில் 'ஆம்' என்று எழுதி, தேதியும் 185 என்பதையும் பக்கத்திலேயே குறித்து, இந்த மூன்றையும் இணைத்துக் கொடுத்தவர்களில் சிலரைக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. எங்கள் பழைய டிரைவர் இப்போது ஒரு தண்ணீர் லாரி ஓட்டுகிறார். அங்கே படிவம் எதுவும் கேட்கவில்லையாம், சம்பளம் முன்பு வாங்கியதைவிட ஐயாயிரம் குறைவு.