மாத விற்பனை இலக்கிலிருந்து வார வேலைக்கு: பின்னோக்கிக் கணக்கிடும் முறை

விற்பனைப் பொறியாளர் பணிக்கான பயிற்சியின் முடிவில் நான் எழுதிய தேர்விலும், அதன் பிறகு கலந்துகொண்ட நேர்முகத் தேர்வுகளிலும் தவறாமல் வந்த கேள்வி இது: "மாத இலக்கு 12 லட்சம் ரூபாய் என்றால், வாரத்துக்கு எத்தனை பேரை அழைப்பீர்கள்?" பெருக்கல், வகுத்தல் தெரிந்த எவரும் விடை சொல்லிவிடலாம். ஆனால் அந்த விடை எந்த மாதத்துக்குரியது என்று தேர்வாளர் அடுத்துக் கேட்கும்போதுதான் பலரும் திணறுகிறார்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சிறு தொழிற்கூடங்களுக்கு ஏர் கம்ப்ரஸர் விற்கிறோம் என்றும், வரி நீங்கலாக ஓர் ஆர்டரின் வழக்கமான மதிப்பு 3 லட்சம் என்றும் கொள்வோம். எப்போதோ ஒருமுறை வந்த பெரிய ஆர்டரைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் இந்த மதிப்பு பொய்யாக உயர்ந்துவிடும். ஆகவே அதை விலக்கிவிட வேண்டும். 12 லட்சத்துக்கு 4 ஆர்டர்கள் தேவை. கொடுக்கும் விலைப்புள்ளிகளில் நான்கில் ஒன்று ஆர்டராகிறது என்றால் 16 விலைப்புள்ளிகள் வேண்டும். ஐந்து சந்திப்புகளில் இரண்டு விலைப்புள்ளி கேட்பதில் முடிகிறது என்றால் 40 சந்திப்புகள் வேண்டும். தொலைபேசியில் உரிய ஆளிடம் பேசியவற்றில் ஆறில் ஒன்றுதான் சந்திப்பாகிறது என்றால் 240 உரையாடல்கள் தேவைப்படும். மாதத்தை நான்கு வாரமாகக் கொண்டால், வாரத்துக்கு 60 உரையாடல்கள், 10 சந்திப்புகள், 4 விலைப்புள்ளிகள், 1 ஆர்டர். எடுக்கப்படாத அழைப்புகள் பாதிக்குப் பாதி இருந்தால், விரல் தட்ட வேண்டிய எண்கள் 120. விடைத்தாளில் "அழைப்பு" என்று மட்டும் எழுதாமல், பேசியதா, முயன்றதா என்று பிரித்து எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி இங்கே இரு மடங்கு.

இனி, எந்த மாதம் என்ற கேள்விக்கு வருவோம். இத்தகைய இயந்திரத்தைப் பேசியவுடன் யாரும் வாங்குவதில்லை. அழைத்த நாளிலிருந்து சந்திக்க ஒரு வாரம், சந்தித்து விலைப்புள்ளி கொடுக்க இன்னொரு வாரம், உரிமையாளர் வங்கிக் கடன், பிற நிறுவனங்களின் விலை ஆகியவற்றைப் பார்த்து முடிவெடுக்க நான்கு வாரம் என்று வைத்தால், மொத்தம் ஆறு வாரம் ஆகிறது. எனவே ஜூன் மாத இலக்குக்குரிய அழைப்புகளை ஏப்ரல் 20 வாக்கில் தொடங்கி மே 20க்குள் முடித்திருக்க வேண்டும். ஜூன் முதல் வாரத்தில் அரக்கப் பறக்க அழைப்பதன் பலன் ஜூலை நடுவில்தான் தெரியும். ஜூன் தொடங்கியபின் ஜூனுக்காகச் செய்யக்கூடியவை, ஏற்கெனவே கையிலிருக்கும் விலைப்புள்ளிகளைத் தொடர்வதும், பழைய வாடிக்கையாளர்களிடம் மறு ஆர்டர் கேட்பதும் மட்டுமே. பழைய வாடிக்கையாளர்களிடமிருந்து மாதம் 3 லட்சம் உறுதியாக வருமென்றால், அதை இலக்கிலிருந்து முதலிலேயே கழித்துவிடுங்கள். புதிய ஆர்டர்கள் மூன்று போதும், வாரச் சந்திப்புகளும் 10லிருந்து 8ஆகக் குறையும்.

இந்தக் கால இடைவெளி விகிதங்களையும் குழப்பிவிடும். எனக்குத் தெரிந்தவரை அலுவலக அறிக்கைகள் மிகுதியாகச் சறுக்குமிடம் இதுதான். ஏப்ரலில் 8 விலைப்புள்ளிகளும் மே மாதத்தில் 16ம் கொடுத்திருக்கிறோம், மே மாதத்தில் 2 ஆர்டர்கள் வந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மாத ஆர்டரை மே மாத விலைப்புள்ளியால் வகுத்தால் எட்டில் ஒன்று என்று வரும். அதை நம்பித் திட்டமிட்டால் வேலை இரட்டிப்பாகும். அந்த 2 ஆர்டர்களும் ஏப்ரலில் கொடுத்த 8 விலைப்புள்ளிகளிலிருந்து வந்தவை. உண்மை விகிதம் நான்கில் ஒன்று. ஆகவே ஒவ்வொரு விலைப்புள்ளியும் கொடுக்கப்பட்ட மாதத்தின் கணக்கிலேயே அதன் முடிவையும் எழுத வேண்டும். ஒரே மாதத்தின் எண்ணிக்கை மிகச் சிறியது என்பதால், ஆறு மாத விவரத்தைச் சேர்த்தே விகிதம் எடுப்பது நல்லது.

வாரக் கடைசியில் எண்கள் குறைந்தால், எந்தப் படியில் குறைந்தது என்று பாருங்கள். உரையாடல்கள் 60 இருந்தும் சந்திப்புகள் நான்குதான் என்றால் அழைக்கும் பட்டியலில் கோளாறு இருக்கக்கூடும்: கம்ப்ரஸர் தேவைப்படாத கடைகள் அதில் கலந்திருக்கலாம். சந்திப்புகள் பத்து நடந்தும் விலைப்புள்ளி ஒன்றுதான் என்றால், முடிவெடுக்கும் உரிமையாளரை விட்டுவிட்டு வேறு யாரையோ சந்தித்துக்கொண்டிருக்கிறோம் என்றே நான் முதலில் சந்தேகிப்பேன். இரண்டுக்குமே அழைப்புகளைக் கூட்டுவது தீர்வாகாது. நேர்முகத் தேர்வில் "இன்னும் கடுமையாக உழைப்பேன்" என்ற பதிலுக்கு மதிப்பெண் கிடைக்காததற்கும் இதுவே காரணம்.