தப்பு எங்கே இருந்தது?

ஹட்டனில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு கணினி விளையாட்டைச் செய்துகொண்டிருந்தோம். கதை நடப்பது ஒரு தேயிலைத் தோட்டத்தில். காமன் கூத்து நெருங்குகிறது. தாத்தாவுக்கு உடம்பு முடியவில்லை. தொழிலாளர் வரிசை வீடான பழைய லயத்தில் கிடக்கும் அவருடைய தப்புப் பறையை எடுத்து, வைக்கோல் தீயில் காய்ச்சி, காமன் பொட்டலில் கொண்டுபோய் அடிக்க வேண்டும். விளையாடுபவன் செய்து முடிக்க வேண்டிய முதல் பணி, அதாவது முதல் குவெஸ்ட், இதுதான். தாத்தாவைப் பார், தப்பை எடு, காய்ச்சு, அடி என்று நான்கே படிகள். இதில் என்ன சிக்கல் வந்துவிடப்போகிறது என்று நினைத்து ஒரே பிற்பகலில் எழுதி முடித்தேன்.

பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த என் அக்கா மகனிடம் விளையாடக் கொடுத்தேன். அரை மணி நேரம் கழித்து அவன் வந்து நின்றான்.

"மாமா, தப்பு என் பையில்தான் இருக்கிறது. ஆனாலும் 'லயத்துக்குப் போய்த் தப்பை எடுத்து வா' என்றே குறிப்பேடு சொல்லிக்கொண்டிருக்கிறது. லயத்துக்குப் போனால் அங்கே ஒன்றும் இல்லை."

அவன் தாத்தாவைப் பார்க்கும் முன்பே லயத்துக்குள் நுழைந்திருக்கிறான். திறந்திருக்கும் கதவுக்குள் எந்தப் பிள்ளைதான் நுழையாது? உலகத்தில் ஒரே ஒரு தப்புதான் உண்டு, அதை எடுத்துவிட்டான். அதன் பிறகே தாத்தாவிடம் போயிருக்கிறான். நான் எழுதியிருந்தது இது:

```
on item_picked(id):
    if quest.step == 2 and id == "thappu":
        quest.step = 3
```

தப்பை எடுத்த கணத்தில் "எடுத்தாயிற்று" என்ற செய்தி ஒரு முறை ஒலித்தது. அப்போது குவெஸ்ட் முதல் படியில் இருந்ததால் அதைக் கேட்க யாரும் இல்லை. தாத்தாவைப் பார்த்து இரண்டாம் படிக்கு வந்ததும் அந்தச் செய்திக்காகக் காது கொடுத்துக் காத்திருந்தது. அது இனி வராது. சேமித்த கோப்பைத் திறந்து பார்த்தபோது `step: 2` என்று ஒரு வரியும், பைப் பட்டியலில் `thappu` என்று இன்னொரு வரியும் இருந்தன. ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டு வரிகள் ஒரே கோப்பில் இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். தப்பு தப்பாகிவிட்டது என்று அலுவலகத்தில் இரண்டு நாள் சிரித்தார்கள்.

முதலில் செய்த வைத்தியம், தாத்தாவைப் பார்க்கும் வரை லயத்துக் கதவைப் பூட்டி வைத்தது. சோம்பேறித்தனம். தோட்டத்தில் எங்கும் சுற்றலாம் என்று சொல்லிவிட்டு, காரணமில்லாமல் ஒரு கதவை மட்டும் அடைப்பது விளையாடுபவனை அவமதிப்பது போல. இரண்டாவதாக, படி தொடங்கும்போதே பைக்குள் தப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். மருமகன் அதையும் ஒரே மாலையில் முறித்தான். தப்பை எடுத்தவன் அதைத் தன் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டுத் தாத்தாவிடம் போயிருக்கிறான். பை காலி. குறிப்பேடு மறுபடியும் அவனை வெறும் லயத்துக்கே அனுப்பியது.

நான் கேட்ட கேள்வியே பிழை என்பது அப்போதுதான் உறைத்தது. "தப்பு இப்போது பையில் இருக்கிறதா?" என்பது ஒரு கேள்வி, "தப்பை எப்போதாவது எடுத்தானா?" என்பது வேறு கேள்வி. முதலாவது மாறிக்கொண்டே இருக்கும். இரண்டாவது ஒரு முறை உண்மையாகிவிட்டால் பிறகு பொய்யாகாது. 'எடு' என்ற படிக்குத் தேவை இரண்டாவது கேள்வி. 'காய்ச்சு', 'அடி' என்ற படிகளுக்கு மட்டுமே தப்பு கையில் இருந்தாக வேண்டும். படி எண்ணை நேரடியாகச் சேமித்ததில் இந்த வேறுபாடு முழுவதும் மறைந்துபோயிருந்தது.

படி எண்ணைக் கோப்பிலிருந்தே எடுத்துவிட்டேன். நடந்தவற்றை மட்டும் பெயரிட்டு ஒரு தொகுதியில் போட்டு வைத்தேன். குவெஸ்ட் தொடங்கியதோ இல்லையோ, தப்பை எடுத்தால் அது அங்கே பதிவாகும். இப்போது எந்தப் படி என்பதைத் தேவைப்படும்போதெல்லாம் கணக்கிட்டுக்கொள்ளலாம்:

```
def current_step(f):
    if "met_thatha" not in f: return "meet"
    if "got_thappu" not in f: return "fetch"
    if "heated" not in f: return "heat"
    if "played" not in f: return "play"
    return "done"
```

கேட்கத் தவறிய செய்தி என்று இனி ஒன்று இல்லை. எந்த வரிசையில் நடந்தாலும், நடக்காமல் மிஞ்சியிருக்கும் முதல் வேலையையே குறிப்பேடு காட்டும். எண்ணுக்குப் பதில் பெயர் வைத்ததில் இன்னொரு வசதியும் கிடைத்தது: பின்னால் நடுவில் ஒரு படியைச் செருகினால், பழைய கோப்புகளில் உள்ள 3 என்பதன் பொருள் மாறிவிடுமே என்ற பயம் இல்லை.

இந்த முறையிலும் ஓர் இடத்தில் சறுக்கினேன். ஒவ்வொரு படி முடியும்போதும் 50 காசு பரிசு. முன்பு எண் மாறும் இடத்தில் அதைக் கொடுத்தேன். இப்போது படி கணக்கிட்டு வருவது. விளையாட்டை மூடித் திறந்தால் முதல் படியிலிருந்து இப்போதைய படிக்குத் 'தாவியதாக' எண்ணி எல்லாப் பரிசையும் மறுபடி கொடுத்தது. மருமகன் இதை என்னிடம் சொல்லாமலே நாற்பது முறை மூடித் திறந்திருக்கிறான். பரிசு கொடுத்ததையும் `paid_fetch` என்பது போல நடந்த ஒன்றாகவே எழுதிவைத்த பிறகு அவன் வருமானம் நின்றது.

எல்லாவற்றையும்விட அதிக நேரம் பிடித்தது தாத்தாவின் பேச்சுதான். நிரல் சரியாகிவிட்டது, ஆனால் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நிற்கும் பிள்ளையிடம் அவர் இன்னமும் "லயத்துக்குப் போய்த் தப்பை எடுத்து வா" என்றுதான் சொன்னார். கதை எழுதும் தோழி பண்டாரவளைக்காரர், சினந்துவிட்டார். "கண் தெரியாத கிழவராக்கிவிட்டீர்கள் அண்ணா" என்றார். `got_thappu` ஏற்கெனவே இருந்தால் பேச வேண்டியதைத் தனியாக எழுதிக் கொடுத்தார். தாத்தா கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். பிறகு, "அது என்னுடையதல்லவா? உன் கைக்கு எப்படி வந்தது?" என்பார். மொத்த விளையாட்டிலும் எனக்குப் பிடித்த இடம் அதுதான். வரிசை தப்பியதால் கிடைத்தது.

பிறகு எல்லா வரிசைகளையும் ஓட்டிப் பார்க்க ஒரு சிறு நிரல் எழுதினேன். நான்கு செயல்களை 24 விதமாக அடுக்கலாம். எடுக்காமல் காய்ச்ச முடியாது, காய்ச்சாமல் அடிக்க முடியாது என்று விட்டால் மிஞ்சுவது நான்கு. தாத்தாவைச் சந்திப்பது முதலில், இரண்டாவதாக, மூன்றாவதாக அல்லது கடைசியில். அந்தக் கடைசி எங்கள் யார் மனதிலும் இல்லாதது: தாத்தாவைப் பார்க்காமலே தப்பைப் பொட்டலுக்குக் கொண்டுபோய் அடித்துவிடுவது. நிரல் அதைத் தடையின்றி ஏற்றுக்கொண்டது, கதை ஏற்கவில்லை. தாத்தாவின் சொல் இல்லாமல் அவருடைய தப்பை அடித்தால் மிச்சக் கதை பொருளற்றுப் போகும். ஆகவே சில வரிசைகள் உண்மையாகவே வேண்டும். அதற்காகக் கதவைப் பூட்டவில்லை; பொட்டலில் நிற்கும் கூத்து மாஸ்டரையே காவலாக்கினோம். `met_thatha` இல்லையென்றால், "யாருடைய தப்பு தம்பி இது? கேட்டுவிட்டு வா" என்று திருப்பி அனுப்புவார்.

பழைய கோப்புகளுக்கு, திறக்கும்போதே மாற்றும் ஒரு துண்டு எழுதினேன். `step: 2` என்றால் தாத்தாவைச் சந்தித்தாயிற்று; பையிலோ வீட்டுப் பெட்டியிலோ தப்பு இருந்தால் எடுத்தாயிற்று என்றும் சேர்த்துக்கொள்ளும். மருமகனின் முதல் கோப்பில் அதை ஓட்டினேன். குறிப்பேட்டில் 'லயத்துக்குப் போ' என்பதில் கோடு விழுந்தது. அதன் கீழே 'வைக்கோல் தீயில் காய்ச்சு' என்று வந்தது. அவன் அதற்குள் ஊருக்குப் போய்விட்டிருந்தான். கோப்பை அவனுக்கு அனுப்பிவைத்தேன். அன்றிரவே தகவல் வந்தது: "மாமா, தப்பைத் தீயில் விட்டுவிட்டேன். எரிந்துவிட்டது. இப்போது என்ன செய்ய?"