44 பேர் சொன்னத வச்சு ஒருத்தர ஊர் மாத்தலாமா

நான் வேலை பாக்குறது ஒரு டூவீலர் டீலர்கிட்ட, சர்வீஸ் பக்கம். மொத்தம் 6 சர்வீஸ் சென்டர். கடலூர் மஞ்சக்குப்பம், திருப்பாப்புலியூர், பண்ருட்டி, பாண்டி பக்கம் வில்லியனூர், லாஸ்பேட்டை, அரியாங்குப்பம். வண்டி டெலிவரி ஆன மறுநாள் கஸ்டமருக்கு வாட்ஸப்ல ஒரு லிங்க் போவும், சர்வீஸ் எப்டி இருந்துச்சுன்னு 1லேருந்து 5க்குள்ள ஒரு நம்பர் குடுக்கணும், 4ம் 5ம் குடுத்தவங்க திருப்தியா இருக்காங்கன்னு கணக்கு. மாசக் கடைசில அத ப்ராஞ்ச் வாரியா சதவீதமா போட்டு ரிவ்யூ மீட்டிங்குக்கு எடுத்துட்டுப் போறது என் வேல.

அந்த மாசம் மஞ்சக்குப்பம் 73 வந்துச்சு. முந்தின மாசம் 83. பாண்டில மீட்டிங், ஸ்க்ரீன்ல அந்த ஒரு பார் மட்டும் சிவப்பா இருக்கு, எங்க ஜிஎம் பாத்த ஒடனே சொன்னாரு, "பத்து பாயின்ட் எறங்கிருக்கு தம்பி, அந்த சூப்பர்வைசர வில்லியனூருக்கு மாத்திட்டு அங்க உள்ளவர இங்க கொண்டாந்துரலாம்." சூப்பர்வைசருக்கு வயசு அம்பதுக்கு மேல, வீடு கடலூர் முதுநகர்ல, வில்லியனூர்னா தெனமும் ரெண்டு பஸ் மாறி போயி வரணும். ஆனா நான் ஒரு நாள் டைம் குடுங்க சார்னு கேட்டது அவர் மேல உள்ள பரிதாபத்துல மட்டும் இல்ல. அந்த 73ங்குற நம்பருக்குப் பின்னாடி எத்தன பேர் இருக்காங்கன்னு எனக்குத் தெரியும், ஸ்லைட்ல அது இல்ல.

44 பேர். அதுல 32 பேர் திருப்தின்னு சொல்லிருக்காங்க. முந்தின மாசம் 41 பேர்ல 34. அதாவது இந்த மாசம் பதில் சொன்னவங்கள்ல ஒவ்வொருத்தரும் 2.3 பாயின்ட். இன்னும் 4 பேர் மட்டும் 3க்கு பதிலா 4ஐ தொட்டிருந்தா 36 ஆயிருக்கும், 82 வந்திருக்கும், பார் பச்சையா இருந்திருக்கும், மாத்தல்னு ஒரு பேச்சே வந்திருக்காது. 4 பேரோட விரல் எந்தப் பக்கம் போச்சுங்குறத வச்சு ஒரு மனுஷனோட ஊர் முடிவாவுது.

ராத்திரி வீட்ல ஒக்காந்து எக்ஸெல்ல மார்ஜின் ஆஃப் எரர் போட்டேன். ஃபார்முலா இவ்ளோதான்:

```
=1.96*SQRT(0.73*(1-0.73)/44)
```

0.13 வருது, அதாவது கூடவோ கொறையவோ 13 பாயின்ட். அந்த ப்ராஞ்சுக்கு வர்ற அத்தன கஸ்டமரையும் ஒருத்தர் விடாம கேட்டா வரக்கூடிய உண்மையான நம்பர் 60க்கும் 86க்கும் நடுவுல எங்க வேணா இருக்கலாம்னு அர்த்தம். 1.96ங்குறது 95 சதவீத நம்பிக்கைக்கு, இதே மாதிரி வேற வேற 44 பேர எடுத்து 100 தடவ சர்வே பண்ணா சுமாரா 95 தடவ உண்மையான நம்பர் அந்தந்த தடவ வர்ற எல்லைக்குள்ள சிக்கும். முந்தின மாசத்து 83க்கும் இதே கத, அதுக்கு 11, 12 பாயின்ட். பாருங்க, ரெண்டு நம்பருமே ஆடுது, அப்ப ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் இன்னும் கூட ஆடும். ஒவ்வொண்ணோட எரரையும் வர்க்கம் பண்ணி கூட்டி வர்க்கமூலம் எடுத்தா 17, 18 பாயின்ட் வருது. 10 பாயின்ட் எறங்கிருக்குன்னு நாம சொல்றோம், ஆனா நம்மகிட்ட இருக்குற டேட்டா சொல்றது 28 எறங்கினதுலேருந்து 7 ஏறினது வரைக்கும் எதுவா வேணா இருக்கலாம்னு. எறங்கலன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, இத இங்க தெளிவா சொல்லிடுறேன். எறங்கிச்சா இல்லையான்னு இந்த 44 பேர வச்சு சொல்ல முடியாது, அவ்ளோதான்.

மறுநாள் ஜிஎம் கேபின்ல இத சொன்னப்ப அவர் கேட்டது நியாயமான கேள்விதான். "மாசம் 600 வண்டி வருது, 44 பேர்னா கிட்டத்தட்ட 7 பர்சன்ட், ஒரு பான சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்றோம், இது போதாதா?" அந்தப் பழமொழில ஒரு பாதி ரொம்ப சரி. பான பெருசா சின்னதாங்குறது கணக்குலயே பெருசா வராது. 600 பேர்ல 44 கேட்டாலும் 60,000 பேர்ல 44 கேட்டாலும் எரர் ஏறக்கொறைய அதே 13தான், ஏன்னா எரர தீர்மானிக்குறது எத்தன பேர கேட்டோம்ங்குற எண்ணிக்க, மொத்தத்துல எத்தன சதவீதம்ங்குறது இல்ல. (கேட்டவங்க மொத்தத்துல பெரிய பங்கா, பாதியோ கால்வாசியோ இருந்தா எரர் கொஞ்சம் கொறையும், 7 சதவீதத்துக்கெல்லாம் அரை பாயின்ட் கூட நகராது.) ஆனா ஒரு சோறு பதம்ங்குறது எல்லா சோறும் ஒரே தண்ணில ஒரே தீயில வேகுறதுனால. கஸ்டமர் அப்டி இல்ல, ஒருத்தருக்கு செயின் டைட் பண்ணி 20 நிமிஷத்துல வண்டி வருது, ஒருத்தருக்கு ஸ்பேர் வரலன்னு 3 நாள் நிக்குது. ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் அதிகமா இருக்குற எடத்துல ஒரு சோறு பத்தாது.

கணக்க விட அவர நம்ப வச்சது இன்னொண்ணு. லேப்டாப்ப தெறந்து 6 செல்லுல இத போட்டேன்:

```
=BINOM.INV(45,0.8,RAND())/45
```

இதுக்கு என்ன அர்த்தம்னா 6 ப்ராஞ்சும் ஒண்ணும் வித்தியாசம் இல்லாம அச்சு அசலா ஒரே தரம், எல்லாத்துலயும் உண்மையான திருப்தி 80, ஒவ்வொண்ணுலயும் 45 பேர கேக்குறோம். F9 தட்டினா புதுசா ஒரு மாசம். மொத தட்டுல மூணாவது ப்ராஞ்ச் 71. அடுத்த தட்டுல அதே ப்ராஞ்ச் 87, அஞ்சாவது 73க்குப் போச்சு. ஜிஎம்மே கீபோர்ட வாங்கி ஒரு பத்து பாஞ்சு தடவ தட்டினாரு, ஒண்ணும் பேசல. 6ல கடைசில நிக்குற ப்ராஞ்ச் சராசரியா 72, 73க்கு வரும், வெறும் குலுக்கல்லயே. நாம மஞ்சக்குப்பத்துல பாத்ததும் அதே 73தான். மாசா மாசம் யாராவது ஒருத்தர் கடைசில நிப்பாங்க, அவங்க தப்பு பண்ணாங்களா இல்லையாங்குறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாம கூட இருக்கலாம்.

இந்த எடத்துல எனக்கு மனசுல உறுத்துற ஒண்ணு இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அரியாங்குப்பத்துல இதே மாதிரி ஒரு மாசம் 70க்கு எறங்குச்சு, அப்ப இருந்த சூப்பர்வைசர மாத்தினாங்க, அடுத்த மாசம் 81 வந்துச்சு, மாத்தினதுனாலதான் சரியாச்சுன்னு ஸ்லைட் போட்டவன் நான்தான். இப்ப யோசிச்சா, அதிர்ஷ்டக் கொறையால கீழ போன நம்பர் அடுத்த மாசம் தன்னால சராசரி பக்கம் திரும்பும், ஒண்ணுமே செய்யலன்னாலும் ஏறிருக்க வாய்ப்பு அதிகம். அந்த அண்ணன் மேல ஒரு பேரு ஒட்டிக்கிச்சு, அத எந்த கணக்கு போட்டும் என்னால இப்ப எடுக்க முடியல.

சரி, அப்ப எத்தன பேர கேட்டா போதும்னு ஜிஎம் கேட்டாரு. மனசுல வச்சுக்க ஒரு சுலப கணக்கு இருக்கு, 1ஐ ஆள் எண்ணிக்கையோட வர்க்கமூலத்தால வகுத்தா போதும். 100 பேர்னா 10 பாயின்ட், 400 பேர்னா 5. எரர பாதியாக்கணும்னா ஆள நாலு மடங்காக்கணும், இதுதான் கைய கடிக்குற எடம். ஒரு மாசத்துக்கும் அடுத்த மாசத்துக்கும் 10 பாயின்ட் வித்தியாசம் உண்மையிலேயே இருந்தா அத அஞ்சுல நாலு தடவையாவது கண்டுபுடிக்கணும்னா ஒவ்வொரு மாசமும் ஒரு ப்ராஞ்சுக்கு ஏறக்கொறைய 300 பதில் வேணும். 600 வண்டி வர்ற எடத்துல அது நடக்காத காரியம். ஆனா 6 ப்ராஞ்சும் சேத்தா மாசம் 268 பதில் இருக்கு, மொத்த கம்பெனிக்கு 80, எரர் 5தான், அந்த நம்பர நம்பி பேசலாம். அதே டேட்டாவ ஆறா ஒடைச்சதும் ஒவ்வொரு துண்டும் பலம் போயிடுது. அதனால ப்ராஞ்ச் வாரியா மாசம் பாக்குறத நிறுத்திட்டு மூணு மாசம் சேத்து பாக்கலாம்னு முடிவாச்சு, 130 பதில் வந்தா எரர் 7க்கு வரும்.

இன்னொண்ணும் சொன்னேன், இது எனக்கு மார்ஜின விட பெரிய கவல. அந்த 13 பாயின்ட்ங்குறது 44 பேரும் குலுக்கல் முறைல வந்தவங்கன்னு நெனச்சு போட்ட கணக்கு. அப்டி இல்லையே. 600 பேருக்கு லிங்க் போயி 44 பேர் பதில் போட்டிருக்காங்க, மீதி 556 பேர் என்ன நெனைக்குறாங்கன்னு எந்த ஃபார்முலாவும் சொல்லாது. கோவமா இருக்குறவன் போடுவான், இல்ல டெலிவரி அப்ப அட்வைசர் கூடவே நின்னு "அண்ணே 5 போட்டுருங்க"ன்னு சொன்ன ஆளு போடுவாரு. லிங்க்ல பதில் போடாதவங்கள்ல கொஞ்சம் பேருக்கு எங்க ஆளு காலைல பத்து மணிக்கு போன் பண்றாங்க, சிப்காட்ல நைட் ஷிப்ட் முடிச்சவரு அப்ப தூங்கிட்டு இருப்பாரு, டே ஷிப்ட்காரரு எடுக்க மாட்டாரு, தேவனாம்பட்டினத்துல கடலுக்குப் போனவரு போன் சிக்னல்லயே இருக்காது. 400 பேர் இப்டியே கேட்டா எரர் 5னு ஸ்லைட்ல அழகா வரும், ஆனா அதே ஒரு பக்கமா சாஞ்ச பதில்தான் 400 தடவ இருக்கும்.

மாத்தல அப்ப நிறுத்தி வச்சாங்க. அதுக்கு பதிலா சர்வேயே தேவப்படாத ஒண்ண எடுத்தோம். ஜாப் கார்டுல வண்டி எத்தன மணிக்கு தர்றோம்னு எழுதுறோம், டெலிவரி டைமும் சிஸ்டத்துல இருக்கு. 600 கார்டும் கைல இருக்கு, சாம்பிளே கெடயாது, முழு கணக்கு. மஞ்சக்குப்பத்துல சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல லேட்டான வண்டி அந்த ரெண்டு மாசமும் ஒரே அளவுதான், சனிக்கெழம மட்டும் தண்ணி சர்வீஸ்ல க்யூ நிக்குது, அது எப்பவுமே அப்டித்தான். 3ம் அதுக்குக் கீழயும் குடுத்த 12 பேருக்கு நானே போன் பண்ணேன், 9 பேர் எடுத்தாங்க, அதுல 5 பேர் சனிக்கெழம வந்தவங்க. 5 பேர வச்சு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா எங்க போய் பாக்கணும்னு தெரிஞ்சுது. சூப்பர்வைசர் அண்ணன் கிட்ட கேட்டா, ரெண்டாவது வாஷ் பம்ப் ரிப்பேர்னு நாலு மாசமா மெயில் போட்டிருக்காரு.

பம்ப் மாத்தியாச்சு. அடுத்த மாசம் 50 பேர்ல 41, 82 வந்துச்சு. பம்ப்னாலன்னு ஸ்லைட்ல எழுத சொன்னாங்க, நான் எழுதல, சனிக்கெழம லேட் எவ்ளோ கொறஞ்சுச்சுன்னு ஜாப் கார்டு நம்பர மட்டும் போட்டேன். இப்ப மாசம் ஆரம்பத்துல முந்தின மாச ஜாப் கார்டுலேருந்து ப்ராஞ்சுக்கு 60 நம்பர குலுக்கல்ல எடுத்து, எடுக்கலன்னா வேற வேற நேரத்துல மூணு தடவ கூப்டுறோம், ஒரு தடவ கட்டாயம் சாயந்திரம் 7 மணிக்கு மேல. வில்லியனூர்ல இன்னும் 60ல 35 பேர்தான் சிக்குறாங்க.