“ரெண்டும் ஒண்ணுதான், மூடுன்னே போட்டுடுங்க”

சப்போர்ட்டில் இருக்கும் அக்கா அன்றைக்குக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். “தம்பி, இந்த க்ளோஸ் எந்த க்ளோஸ்? ஜன்னலை மூடுறதா, ஷிஃப்ட்டை முடிக்கிறதா?” நான் வேறு எதிலோ இருந்தேன். “ரெண்டும் ஒண்ணுதான்க்கா, மூடுன்னே போட்டுடுங்க” என்றேன்.

பால் கொள்முதல் செய்யும் சங்கங்களுக்கான ஆப் அது. உறுப்பினர் எண், லிட்டர், ஃபேட், எஸ்என்எஃப் அடித்தால் சீட்டு வரும். ஆங்கிலத்தில் மட்டும் இருந்ததை, அமைப்புகளுக்குள் போய்த் தமிழையோ ஆங்கிலத்தையோ அவரவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்படி மாற்றச் சொன்னார்கள். ஆண்ட்ராய்டில் இது பெரிய விஷயமில்லை. திரையில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சாவிப்பெயர், மொழிக்கு ஒரு கோப்பு. இருந்த முந்நூற்றுச் சொச்சம் வரிகளை ஒரு ஷீட்டில் போட்டு, தமிழில் மாற்றித் தரச் சொல்லி அக்காவிடம் கொடுத்தேன். அதில் ஆங்கிலச் சொல் மட்டும்தான் இருந்தது. அது எந்தத் திரையில் வருகிறது என்று நான் எழுதவில்லை.

நான் மண்டையை உடைத்துக்கொண்டது வேறொன்றில். கேபிள் போட்டு என் போனில் ஏற்றினால் தமிழ் வருகிறது, பிளே ஸ்டோரிலிருந்து இறக்கினால் தமிழைத் தேர்ந்தெடுத்தும் ஆங்கிலமே நிற்கிறது. ஆப்பை பண்டிலாக ஏற்றும்போது, போனின் அமைப்பில் எந்த மொழி இருக்கிறதோ அந்த மொழிக் கோப்பை மட்டுமே பிளே அனுப்புகிறது. போன் ஆங்கிலத்தில் இருந்தால் `values-ta` இறங்குவதே இல்லை. பில்டு கோப்பில் மொழிப் பிரிப்பை `enableSplit = false` என்று நிறுத்தினால் தீர்ந்தது. இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது, பெருமையாகவும் இருந்தது. அக்காவின் கேள்விக்கு நான் செலவழித்தது அரை நிமிடம்கூட இருக்காது.

சரி, நடந்தது இதுதான். ஒரு சங்கத்தின் செயலாளர் தமிழுக்கு மாறினார். காலைக் கொள்முதலின் நடுவில், இதுவரை எத்தனை லிட்டர் என்று பார்க்க மொத்தக் கணக்குத் திரையைத் திறந்தார். பார்த்துவிட்டு, வெளியே வர கீழே இருந்த ‘மூடு’வைத் தொட்டார். ‘மூடலாமா?’ என்று கேட்டது, ‘ஆம்’ என்றார். ஷிஃப்ட் முடிந்துவிட்டது. முடிந்த ஷிஃப்ட்டில் புதுப் பதிவு போட முடியாது, சர்வரில் இருந்து நாங்கள்தான் திறக்க வேண்டும். வரிசையில் மிச்சம் நின்றவர்களின் பாலைத் தாளில் எழுதி வாங்கியிருக்கிறார். நாங்கள் திறந்துவிடும்போது மணி ஒன்பது.

போனில் நான் கொஞ்சம் காட்டமாகத்தான், “கேட்டுச்சே சார், பார்க்காம ஆம் போட்டுட்டீங்களா?” என்றேன். அவர் கோபப்படவில்லை. “மூடுன்னுதானே தம்பி போட்டிருந்துச்சு, மூடினேன்.”

என் பக்கமும் ஒன்று உண்டு. ஆங்கிலத்திலும் அந்த இரண்டு இடத்திலும் `Close` தான், பல மாதமாக யாரும் தவறவில்லை. உறுதி கேட்கும் பெட்டியும் வைத்திருந்தேன். ஆனால் அந்தப் பெட்டியும் அதே சொல்லைத்தான் திருப்பிக் கேட்டது, அது என்ன உறுதி? ஆங்கிலத்தில் யாரும் தவறாததற்குக் காரணம் அந்தச் சொல் தெளிவாக இருந்தது அல்ல என்று இப்போது படுகிறது. யாரும் அதை வாசிக்கவில்லை, பொத்தான் இருக்கும் இடத்தை மனப்பாடம் செய்துவைத்திருந்தார்கள். தமிழில் வந்ததும்தான் வாசிக்க ஆரம்பித்தார்கள். இதுவும் நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானமாக இருக்கலாம்.

ஒரு சாவியை இரண்டாக்கினேன்:

```xml
<string name="dialog_close">மூடு</string>
<string name="shift_close">%1$s ஷிஃப்ட்டை முடி</string>
```

`%1$s` இடத்தில் காலை அல்லது மாலை வரும். பெட்டியும் இப்போது ‘காலை ஷிஃப்ட்டை முடிக்கலாமா? பிறகு பதிவு போட முடியாது’ என்று கேட்கிறது. அப்புறம் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருந்த மற்றவற்றைத் தேடினேன். `open` ஒரு இடத்தில் ‘திற’, இன்னொரு இடத்தில் தீர்க்கப்படாத புகார், அதாவது ‘நிலுவை’. நல்லவேளை, அதில் யாரும் இன்னும் மாட்டவில்லை.

அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘நான் அன்னிக்கே கேட்டேனே’ என்று சொல்லியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். போன வாரம் அடுத்த ஷீட் கொடுத்தேன், ஒவ்வொரு வரிக்கும் எதிரே எந்தத் திரை, தொட்டால் என்ன ஆகும் என்று எழுதி. மறுநாளே முடித்து அனுப்பிவிட்டார். ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை. நான் எழுதியது அவ்வளவு தெளிவாக இருந்ததா, இல்லை, என்னிடம் கேட்டுப் பயனில்லை என்று விட்டுவிட்டாரா, தெரியவில்லை. அந்த ஷீட்டை மூன்று முறை வாசித்துவிட்டேன், இன்னும் ரிலீஸ் போடவில்லை.