நிச்சயத்தில் யார் எப்போது பேசுவது: தட்டு மாற்றும் வரைக்கும் ஒரு வரிசை

கும்பகோணம் பக்கம் எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. தட்டு மாறும்போது மணி பத்து இருபத்தைந்து. வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். தாமதத்துக்குச் சமையலோ, வேனோ காரணமில்லை. சபையில் முதலில் யார் வாய் திறப்பது என்று முடிவாகவில்லை. "நீங்களே ஆரம்பிங்க", "அய்யய்யோ, பெரியவங்க நீங்க இருக்கப்ப நானா" என்பதிலேயே கால்மணி போய்விட்டது. அடுத்து நடத்துபவர்கள் கீழே உள்ள வரிசையை ஒரு தாளில் எழுதி, பேர் போட்டு, இரண்டு வீட்டுக்கும் முதல்நாளே கொடுத்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை என்றால் ஒன்பதரைக்குப் பிள்ளையார் பூஜையில் உட்காரவேண்டும். மஞ்சள் பிடித்து அருகம்புல் வைப்பதெல்லாம் ஐயர் பார்த்துக்கொள்வார். முடிந்ததும் பெண்ணின் பெரியப்பா எழுந்து நிற்பார். அழைப்பது பெண் வீடு, அதனால் முதல் பேச்சு அவர்களுடையது.

"சபைக்கு வணக்கம். மன்னார்குடியிலேர்ந்து வந்திருக்கிற சம்பந்தி வீட்டாரை வாங்க வாங்கன்னு கூப்பிடுறோம். வந்த விஷயத்தை சபையில சொல்லுங்க."

பதில் மாப்பிள்ளையின் தாத்தாவோ பெரியப்பாவோ சொல்வார்.

"எங்க பையனுக்கு உங்க வீட்டுப் பொண்ணைக் கேட்டு வந்திருக்கோம். ஜாதகம் பாத்தாச்சு, ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்கு, மத்ததெல்லாம் பேசி முடிச்சாச்சு. உங்க சம்மதத்தைச் சொல்லுங்க."

அந்த "பேசி முடிச்சாச்சு"வை விட்டுவிடாதீர்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் "எத்தனை பவுனுங்க?" என்று கேட்பார். அந்த ஒரு வார்த்தை அவர் வாயை அடைத்துவிடும்.

மூன்றாவதாகப் பேசவேண்டியவர் பெண்ணின் அப்பா இல்லை, தாய்மாமன். "பொண்ணுக்கு மாமன் நான். எங்களுக்கு முழுச் சம்மதம். லக்னப் பத்திரிகை வாசிக்கலாம்." இது போதும். சபையில் அவருக்கு ஒரு வார்த்தை கிடைத்துவிட்டால் பிறகு பந்தியில் முறுக்கிக்கொள்ளமாட்டார். இரண்டு மாமன் இருந்தால் மூத்தவர் பேசட்டும், பெண்ணுக்கு மாலை போடுவது இளையவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லக்னப் பத்திரிகையில்தான் எங்களுக்கு வயிற்றெரிச்சல். ஐயர் பழைய தாள் ஒன்றைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருந்தார். மாப்பிள்ளையின் தாத்தா பேர் இருந்த இடத்தில் வேறு யாரோ ஒருவர் பேர். வாசிக்கும்போது அவர்கள் பக்கம் சலசலப்பு. போதாக்குறைக்குக் கல்யாணம் 2027 தையில் என்பதால், வருஷம் மாறிவிட்டது என்று நினைத்து பிலவங்க வருஷம் என்று போட்டிருந்தார். சித்திரை பிறந்தால்தான் தமிழ் வருஷம் மாறும், 2027 தையிலும் பராபவதான். அடித்துத் திருத்திய தாளை நிச்சயத் தட்டில் வைக்க எந்த வீட்டுப் பெரியவருக்கு மனசு வரும்? சபையிலேயே இரண்டு பிரதியும் புதிதாக எழுதவேண்டியதாயிற்று. இரண்டு பக்கத்துத் தாத்தா, அப்பா, அம்மா பேர், ஊர், கல்யாணத் தேதி, கிழமை, நட்சத்திரம், முகூர்த்த நேரம், மண்டபம் எல்லாவற்றையும் நீங்களே எழுதிக் கொடுத்து, முதல்நாள் போனில் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவது அதற்குப் பிறகு.

வாசித்து முடித்ததும் ஆளுக்கொரு பிரதியைத் தாம்பூலத் தட்டில் வைத்து, இரண்டு பக்கத்து அப்பா அம்மாவும் எதிரெதிரே எழுந்து நிற்பார்கள். அப்பா இல்லாத வீட்டில் சித்தப்பா சித்தி நிற்பதா, அம்மாவே நிற்பதா என்பதை அந்த வீடு முன்னமே சொல்லிவிடவேண்டும். சபையில் வைத்துக் கேட்கிற விஷயம் இல்லை அது. எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டுத் தட்டு முதலில் கை மாறும். உங்கள் வழக்கம் வேறாக இருந்தால் தாளிலேயே எழுதிவிடுங்கள். தாய்மாமன் "தட்டு மாத்திக்கலாம்" என்று உரக்கச் சொன்னால் கெட்டிமேளம். மேளக்காரருக்கு இந்த வார்த்தையைக் காலையிலேயே சொல்லிவைக்காவிட்டால், அவர் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது தட்டு மாறிவிடும்.

புடவை மாற்றுவதைத் தட்டு மாற்றியபிறகு வையுங்கள். சில வீடுகளில் முன்னால் செய்கிறார்கள், நேரம் தாராளமாக இருந்தால் சரி. ஆனால் நிச்சயப் புடவையை வாங்கிக்கொண்டு உள்ளே போன பெண் மடிப்பு, ஊசி, போட்டோ எல்லாம் முடித்து வெளியே வர அரைமணி ஆகும். வெள்ளிக்கிழமையில் அதற்கெல்லாம் இடமில்லை. தட்டு மாறிய பிறகு என்றால் நிதானமாகக் கட்டிக்கொண்டு வரலாம். வந்ததும் நாத்தனார் சந்தனம் குங்குமம் வைத்துப் பூச்சூட்டுவார், பிறகு மாலை, ஆரத்தி. சபைக்குத் தாம்பூலம் கொடுக்கும்போது வெற்றிலை வதங்காமல் இருக்க ஈரத்துணியில் சுற்றி வைத்திருங்கள்.

வரிசைத் தட்டு வாடகைக்கு எடுத்திருந்தால் அடியில் நெயில் பாலிஷால் புள்ளி வைத்துவிடுங்கள். எங்களுடையது இரண்டு மன்னார்குடிக்குப் போய்விட்டது. நிச்சயம் முடிந்த மறுநாளே சம்பந்திக்கு போன் போட்டு "எங்க தட்டு ரெண்டு உங்ககிட்ட இருக்கா" என்று எப்படிக் கேட்பது? கடைக்காரருக்குப் பணம் கட்டினோம்.