கையேட்டில் இல்லாததை "தெரியவில்லை" என்று சொல்ல வைத்த கதை

எங்கள் அலுவலகத்தின் பணிவிதிக் கையேட்டை வைத்து ஒரு சாட்பாட் செய்திருந்தேன். விடுப்போ பயணப்படியோ, யார் எதைக் கேட்டாலும் கையேட்டிலிருந்து தொடர்புள்ள 5 துண்டுகளைத் தேடி எடுத்து மொழி மாடலிடம் கொடுக்கும். மாடல் அவற்றைப் படித்துப் பதில் எழுதும். இரண்டு வாரம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒப்பந்தப் பணியில் இருக்கும் நண்பர் ஒருவர் வந்தார். "தந்தைமை விடுப்பு 10 நாள்னு உங்க பாட் சொல்லுச்சு. மேலாளர் அப்படி எதுவும் இல்லைங்கிறாரே?"

கையேட்டைப் புரட்டினேன். "நிரந்தரப் பணியாளர்களுக்குத் தந்தைமை விடுப்பு 10 நாட்கள்" என்று ஒரே ஒரு வரி. ஒப்பந்தப் பணியாளர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பாட் எங்கிருந்தோ ஒரு எண்ணைப் புனைந்து சொல்லவில்லை. இருந்த வரியைக் கொஞ்சம் இழுத்து இவருக்கும் போர்த்திவிட்டது. இந்த வகைத் தவறைப் பிடிப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் எண்ணும் கையேட்டில் இருக்கிறது, பிரிவு எண்ணும் சரியாக இருக்கிறது.

முதலில் எல்லோரும் செய்வதையே செய்தேன். "கொடுத்த பகுதிகளில் பதில் இல்லையென்றால் தெரியவில்லை என்று சொல்" என்று பிராம்ப்டில் ஒரு வரி சேர்த்தேன். சோதிக்க, நிலவுக்கு எவ்வளவு தூரம் என்கிற மாதிரி சில கேள்விகள் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகத் தெரியவில்லை என்றது. எனக்கும் திருப்தி. ஆனால் பணிவிதி பாட்டிடம் நிலவைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்?

2018இல் வெளிவந்த SQuAD 2.0 என்ற கேள்வித் தொகுப்பு நினைவுக்கு வந்தது. பத்தியில் விடையே இல்லாத 50,000க்கும் மேற்பட்ட கேள்விகள் அதில் உண்டு. விடை இருக்கும் கேள்விகளைப் போலவே தோன்றும்படி மனிதர்களை வைத்தே அவற்றை எழுதவைத்தார்கள். அதே வழியில் நானும் 30 கேள்விகள் எழுதினேன். விடை இருக்கும் ஒரு கேள்வியை எடுத்து, யாருக்கு, எப்போது, எதற்கு என்பதில் ஒன்றை மட்டும் மாற்றுவது. நிரந்தரம் என்பதை ஒப்பந்தம் ஆக்குவது, உள்நாட்டுப் பயணத்தை வெளிநாட்டுப் பயணமாக்குவது. இந்த 30இல் 11க்கு பாட் தயங்காமல் பதில் சொன்னது. பிராம்ப்டில் அந்த வரி இருக்கும்போதே!

அடுத்து ஸ்கோரில் கை வைத்தேன். தேடலில் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் ஒற்றுமை மதிப்பெண் வருகிறது. அது ஓர் எல்லைக்குக் கீழே போனால் தெரியவில்லை என்று சொல்லிவிடலாம் என்பது கணக்கு. நண்பர் கேட்ட கேள்விக்கு முதல் துண்டின் ஸ்கோர் 0.83. "குழந்தை பிறந்தா அப்பாவுக்கு எத்தனை நாள் லீவு" என்று பேச்சுவழக்கில் கேட்டதற்கு, விடை அதே வரியில் இருந்தும், 0.71. கோட்டை எங்கே போட்டாலும் தப்பு. யோசித்தால் காரணம் எளிதுதான். துண்டும் கேள்வியும் ஒரே விஷயத்தைப் பேசுகின்றனவா என்பதைத்தான் அந்த ஸ்கோர் அளக்கிறது. துண்டு கேள்விக்கு விடை சொல்கிறதா என்பதை அது அளப்பதே இல்லை. முற்றிலும் சம்பந்தமில்லாத கேள்விகளை வடிகட்ட மட்டும் தாழ்வான ஓர் எல்லையை விட்டுவைத்தேன்.

உண்மையில் பலன் கொடுத்தது மேற்கோளை முதலில் கேட்டதுதான். பதிலுக்கு முன்னால், எந்த வாக்கியத்தை ஆதாரமாகக் கொள்கிறாய் என்று எழுத்துக்கு எழுத்து எடுத்துத் தரச் சொன்னேன். இந்த வரிசை முக்கியம். மாடல் முன்னால் எழுதியதைப் பார்த்துத்தான் அடுத்ததை எழுதுகிறது. பதிலை முதலில் எழுதவிட்டால், மேற்கோள் அதற்குச் சாக்காகத்தான் வரும். அந்த மேற்கோள் துண்டுகளில் நிஜமாகவே இருக்கிறதா என்பதை மாடலிடம் விடாமல் நிரலில் சரிபார்த்தேன்.

```python
import unicodedata

def norm(s):
    return " ".join(unicodedata.normalize("NFC", s).split())

def quote_ok(quote, passages):
    q = norm(quote)
    return len(q) > 20 and any(q in norm(p) for p in passages)
```

பிரிந்து கிடக்கும் எழுத்துக்குறிகளை ஒன்றாக்கும் அந்த `NFC` இல்லாமல் அரை நாள் வீணானது. பிடிஎஃப்பிலிருந்து வந்த எழுத்தில் "கொ" சில இடங்களில் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக இருந்தது. மாடல் அதை ஒரே குறியாக எழுதியது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. சரியான மேற்கோள்களெல்லாம் பொய் என்று தள்ளப்பட்டுக்கொண்டிருந்தன.

இதற்குப் பிறகும் நண்பரின் கேள்வி தப்பித்துப் போனது. மேற்கோள் நிஜம்தானே! அதனால் இன்னொரு படி சேர்த்தேன். தனி அழைப்பாக, கேள்வியையும் மேற்கோளையும் மட்டும் கொடுத்து, கேள்வியில் உள்ள நிபந்தனைகளை முதலில் பிரித்து எழுதச் சொன்னேன். யார்: ஒப்பந்தப் பணியாளர். எது: தந்தைமை விடுப்பு. என்ன வேண்டும்: நாட்களின் எண்ணிக்கை. பிறகு ஒவ்வொன்றுக்கும் மேற்கோள் சொல்கிறதா, சொல்லவில்லையா, வேறொன்றைச் சொல்கிறதா என்று குறிக்க வேண்டும். ஒன்றில் இடித்தாலும் பதில் நிறுத்தப்படும். 11 தவறுகள் 2 ஆகக் குறைந்தன.

ஆனால் இப்போது மறுபக்கம் சாய்ந்தது. "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, விடுப்பு உண்டா" என்றால் தெரியவில்லை என்றது. கையேட்டில் இருந்தது "குடும்ப உறுப்பினர்" என்ற சொல், அம்மா என்று இல்லையாம். நல்லவேளை, விடை இருக்கும் 30 கேள்விகளையும் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓட்டிக்கொண்டிருந்தேன், இல்லாவிட்டால் கவனித்திருக்க மாட்டேன். தீர்வு, எந்தத் திசையில் பொருத்தலாம் என்று சொல்லிக்கொடுப்பது. மேற்கோளில் உள்ள பொதுச்சொல்லுக்குள் கேள்வியில் உள்ளவர் அடங்கினால் சரி. "குடும்ப உறுப்பினர்" அம்மாவை அடக்கும். "நிரந்தரப் பணியாளர்" ஒப்பந்தக்காரரை அடக்காது. இந்த இரண்டையுமே பிராம்ப்டில் உதாரணமாக வைத்துவிட்டேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, இரவுப் பணிப்படி பற்றி ஒருவர் கேட்டார். "கையேட்டில் இதற்கு விதி இல்லை" என்றது பாட். விதி இருந்தது, பின்னிணைப்பு அட்டவணையில். தேடல்தான் அந்தத் துண்டை எடுத்துத் தரவில்லை. 5 துண்டுகளை மட்டும் பார்த்த ஒன்று, கையேடு முழுவதையும் பற்றி எப்படிச் சொல்ல முடியும்? தெரியாது என்று சொல்ல வைக்கப்போய், தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்ல வைத்திருக்கிறேன்.

அதனால் மறுப்பு வாசகத்தை மாடல் எழுதாமல் நிரலே எழுதும்படி மாற்றினேன். நண்பரின் கேள்விக்கு இப்போது வரும் பதில்: "எனக்குக் கிடைத்த பகுதிகளில் இதற்கு விடை காணவில்லை. நெருக்கமாக இருப்பது: நிரந்தரப் பணியாளர்களுக்குத் தந்தைமை விடுப்பு 10 நாட்கள்." கீழே பிரிவு எண்ணும் வரும். எல்லா மறுப்புகளும் ஒரு கோப்பில் சேர்கின்றன. வாரம் ஒருமுறை உட்கார்ந்து, எவை தேடலின் குறை, எவை கையேட்டிலேயே இல்லாதவை என்று பிரிக்கிறேன். அட்டவணைகளைத் தலைப்போடு சேர்த்து வெட்ட வேண்டும் என்பது அப்படித்தான் பிடிபட்டது.

மிச்சமிருக்கும் அந்த 2 கேள்விகளும் காலம் பற்றியவை. "இந்த ஆண்டு பயணப்படி எவ்வளவு" என்று கேட்டால், கையேட்டு வரியில் ஆண்டே இல்லாததால் சரிபார்ப்பு எதையும் பிடிப்பதில்லை. பழைய தொகையைத் துணிந்து சொல்லிவிடுகிறது. இப்போதைக்கு ஒவ்வொரு பதிலின் அடியிலும் கையேட்டின் பதிப்புத் தேதியை ஒட்டி வைத்திருக்கிறேன்.