எழுத்து ஏறுது, படம் ஏறல: ஒன்பது நாள் அலைந்த கதை

திருவண்ணாமலை பக்கம் நடுகற்களைத் தேடிப் படம் எடுக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்காக, நண்பர்கள் சேர்ந்து ஒரு சின்னத் தளம் நடத்துகிறோம். ஐயா கைபேசியிலிருந்தே ஊர், கல்லின் உயரம், எழுத்து இருந்தால் அதன் வாசகம் எல்லாவற்றையும் எழுதி, ஒரு படத்தை இணைத்து அனுப்புவார். வாடகை வழங்கியில் 5 ஜிபி இடம். நிரல் பிஎச்பியில் நண்பர் எழுதிக் கொடுத்தது. மூன்று வருடமாகத் தொந்தரவு இல்லை.

போன மாதம் ஒரு காலையில் ஐயா கூப்பிட்டார். "தம்பி, எழுத்து ஏறுது, படம் மட்டும் ஏறல. சேமிக்கப்பட்டதுன்னு பச்சையா வருது, திறந்தா படம் இல்ல."

முதலில் வந்த படம் பாதி வந்திருந்தது. மேல் பாதியில் வீரனின் தலையும் ஓங்கிய வாளும், கீழ் பாதி முழுக்கச் சாம்பல் நிறம். ஐயா அதை நீக்கிவிட்டு, அதே படத்தைச் சுருக்கி 300 கேபி ஆக்கி அனுப்பினார். அது சரியாக ஏறிவிட்டது. இங்கேதான் நான் தவறான வழியில் போனேன். பெரிய படம் ஏறவில்லை, சின்னது ஏறுகிறது, அப்படியானால் கோப்பின் அளவுதான் சிக்கல் என்று முடிவு கட்டினேன். பிஎச்பியின் `upload_max_filesize` அளவைக் கூட்டினேன். அடுத்த நாள் சின்னப் படமும் ஏறவில்லை.

கைபேசியில் ஏதோ கோளாறு என்று நினைத்து, வேலூரிலிருந்து இரண்டரை மணி நேரம் பேருந்தில் போனேன். உலாவியை மாற்றிப் பார்த்தோம், வேறு சிம் போட்டுப் பார்த்தோம், கடைக்காரரிடமும் காட்டினோம். ஒரு பயனும் இல்லை. வழங்கி நிறுவனத்தின் உதவிப் பிரிவில் கேட்டால், "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, உலாவியின் தற்காலிகக் கோப்புகளை நீக்குங்கள்" என்று மூன்று முறை அதே பதில். கட்டுப்பாட்டுப் பலகையும் 92 சதவீதம் நிரம்பியதாகத்தான் காட்டியது. அந்த எண் எப்போதோ எடுத்த கணக்கு என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆறாம் நாள் படங்கள் இருக்கும் அடைவைத் திறந்தேன். ஏறாத படங்களின் பெயர்கள் அங்கே வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நேராக அளவு 0. பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. அப்போதுதான் கட்டளை வரியில் இதைக் கேட்கத் தோன்றியது:

```
quota -s
du -sh .[!.]* * | sort -h
```

முதல் கட்டளை `5120M*` என்று காட்டியது. அந்த நட்சத்திரக் குறிக்கு எல்லையைத் தொட்டாயிற்று என்று பொருள். கணக்கில் இடம் தீர்ந்தாலும் புதுக் கோப்புக்குப் பெயர் பதிய முடியும், ஏனென்றால் கோப்புகளின் எண்ணிக்கைக்கு உள்ள வரம்பு வேறு. உள்ளே எழுதப் போகும்போதுதான் தடுக்கப்படும். அதனால்தான் வெறும் கோப்புகள். முதல் நாள் பாதிப் படம் வந்ததற்கும் இதுவே காரணம்: மிச்சமிருந்த இடம் வரை எழுதி, அங்கேயே நின்றுவிட்டது. அதை ஐயா நீக்கியபோது கொஞ்சம் இடம் விடுபட்டது, அந்த இடத்தில் 300 கேபி படம் உட்கார்ந்துகொண்டது. விவரக் குறிப்பு மட்டும் தொடர்ந்து ஏறியதற்குக் காரணம், அது தரவுத்தளத்துக்குப் போகிறது. எங்கள் வழங்கியில் தரவுத்தளம் அந்த 5 ஜிபி கணக்கில் சேராது.

சரி, பிழைப் பதிவில் இதைப் பற்றி ஏன் ஒரு வரி கூட இல்லை? `error_log` கோப்பும் அதே கணக்கில்தான் இருக்கிறது. இடம் தீர்ந்தபோது பிழையை எழுதவும் இடம் இல்லை. அதன் கடைசி வரி பாதிச் சொல்லில் அறுந்து நின்றது. தேதி பார்த்தேன், பாதிப் படம் வந்த அதே நாள். பதிவில் பிழை இல்லை என்று நிம்மதியாக இருந்தேனே, அந்த அமைதிதான் தடயம். உங்களுக்கு இப்படி ஆனால் பதிவில் என்ன இருக்கிறது என்பதோடு, அது எந்த நாளோடு நின்றது என்பதையும் பாருங்கள். கட்டளை வரி வசதி இல்லாதவர்கள் கோப்பு மேலாளரில் ஒரு புது உரைக் கோப்பு உருவாக்கி, ஒரு சொல் எழுதிச் சேமித்து, மீண்டும் திறக்கலாம். சேமிக்க முடியாமல் போனாலோ, திறக்கும்போது வெறுமையாக இருந்தாலோ, முதலில் சந்தேகப்பட வேண்டியது இடத்தைத்தான்.

இரண்டாம் கட்டளையில் படங்கள் 2.1 ஜிபிதான். அடுத்து `.trash` என்று 1.4 ஜிபி. மூன்று மாதம் முன்னால் பழைய காப்புக் கோப்புகளைக் கோப்பு மேலாளரில் நீக்கியிருந்தேன். அவை போகவில்லை, குப்பைக்கு நகர்ந்து கணக்கிலேயே இருந்திருக்கின்றன. மிச்சம் மின்னஞ்சலும் அந்தப் பிழைப் பதிவும். குப்பையைக் காலி செய்தேன். `quota -s` இப்போது 3.6 ஜிபி என்றது.

ஐயாவின் கணக்கில் நுழைந்து ஒரு படம் போட்டேன். ஏறவில்லை.

அந்த ஒரு மணி நேரம் மிகவும் மோசமானது. செய்தது அத்தனையும் தப்போ என்று எல்லாவற்றையும் பழையபடி மாற்றத் தொடங்கிவிட்டேன். நல்லவேளை, இடையில் என் கணக்கிலிருந்து அதே படத்தைப் போட்டுப் பார்க்கத் தோன்றியது. உடனே ஏறியது. அதே படம், அதே தளம், ஆள் மட்டும் வேறு. நிரலைப் படித்தபோது தெரிந்தது, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 25 படம் என்று நண்பர் எப்போதோ வரம்பு வைத்திருக்கிறார். எண்ணுவது ஏறிய படங்களை அல்ல, முயற்சிகளை. ஐயா விடியலிலிருந்து விடாமல் முயன்று 25ஐத் தாண்டிவிட்டார். தாண்டினால் நிரல் படத்தை விட்டுவிட்டுக் குறிப்பை மட்டும் சேமித்து, அதே பச்சைச் செய்தியைக் காட்டும். வழங்கியின் கடிகாரம் யூடிசி என்பதால் எண்ணிக்கை நம் நேரப்படி காலை 5.30க்குத்தான் திரும்பப் பூஜ்யமாகும், நள்ளிரவில் அல்ல. மறுநாள் 5.40க்கு ஐயா அனுப்பினார். ஏறியது.

அப்புறம் நிரலில் இதைச் சேர்த்தோம்:

```php
$f = $_FILES['padam'];
$ok = $f['error'] === UPLOAD_ERR_OK
   && move_uploaded_file($f['tmp_name'], $dest)
   && filesize($dest) === $f['size'];
```

கடைசி வரி முக்கியம். போய்ச் சேர்ந்த அளவும் அனுப்பிய அளவும் ஒன்றா என்று பார்க்கிறது. `$ok` உண்மையானால் மட்டுமே பச்சைச் செய்தி, அதன்பிறகே நாள் கணக்கில் ஒன்று கூடும். இல்லையென்றால் "குறிப்பு சேர்ந்தது, படம் சேரவில்லை, கைபேசியிலிருந்து நீக்க வேண்டாம்" என்று சிவப்பில் வரும்.

அந்தக் கடைசிச் சொற்களைக் கேட்டு வாங்கியவன் நான். `find . -type f -size 0` என்று தேடியபோது 31 வெறும் கோப்புகள் வந்தன. பல, ஒரே படத்துக்கான மறுமுயற்சிகள். பட்டியலை ஐயாவுக்கு அனுப்பினேன். நான்கு கற்களைத் தவிர மற்ற எல்லாவற்றின் படமும் அவர் கைபேசியில் இருந்தது. அந்த நான்கையும், பச்சைச் செய்தியை நம்பி, இடம் வேண்டும் என்று அழித்திருக்கிறார். மூன்று கற்களுக்கு மறுபடி போய் எடுத்துவிட்டார். நான்காவது கல் ஒரு கரும்புத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. தை மாதம் வெட்டுவார்களாம், அதுவரை உள்ளே போக வழியில்லை என்றார்.